“நாளைக்கு” என்று எழுதாதீர்கள்

கேள்வி: நுவரெலியாவில் ஒரு விருந்தினர் விடுதியில் ரிசப்ஷனில் வேலை செய்கிறேன். நாங்கள் ஒன்பது பேர். டியூட்டி மாற்றங்களை வாட்ஸ்அப் குரூப்பில் நான்தான் போடுவேன். போன வாரம் எனக்குக் கண்டியில் கிளினிக். என்ன வருத்தம், என்ன ஸ்கேன், எத்தனை மணி பஸ் என்று எல்லாம் எழுதி, “அதனால் நாளைக்குக் காலை தம்பி வருவார், அடுத்த நாள் அவருக்காக நான் பார்ப்பேன்” என்று செவ்வாய் இரவு வேலை முடிந்து 12.10க்குப் போட்டேன். புதன் காலை ரிசப்ஷனில் ஆள் இல்லை. கட்டுநாயக்க போக வேண்டிய விருந்தினர்கள் பில் கட்ட ஆளில்லாமல் நின்றார்களாம். வியாழன் நாங்கள் இருவரும் வந்து நின்றோம். இப்போது சமையலறையிலிருந்து வேன் சாரதி வரை என் வருத்தத்தைப் பற்றித்தான் கேட்கிறார்கள். அடுத்த முறை எப்படி எழுதுவது?

பதில்: சகோதரி, தம்பி மேல் கோபப்படாதீர்கள். அவர் சரியாகத்தான் படித்திருக்கிறார். 12.10க்கு உங்கள் மனதில் அது இன்னும் செவ்வாய் இரவு, ஆகவே “நாளை” என்றால் புதன். ஆனால் போனில் அந்த மெசேஜுக்கு மேலே விழுந்தது புதன்கிழமைத் தேதி. அவர் விடிந்து எழுந்து பார்க்கும்போது “நாளை” வியாழனாகிவிட்டது. வியாழன் எப்படியும் அவருடைய டியூட்டி நாள்தானே, அவர் வழமைபோல வந்தார், நீங்கள் அவருக்காக வந்தீர்கள்.

நம் பக்கத்தில் இது அடிக்கடி நடக்கும். தோட்டத்து லயத்தில் சிக்னல் இல்லாமல் இரவு முழுக்கக் கிடக்கிற மெசேஜ், காலையில் பஸ் மேட்டில் ஏறும்போதுதான் டிங் என்று வந்து விழும். நீங்கள் எழுதிய நேரமும் அவர்கள் படிக்கிற நேரமும் ஒன்றல்ல. அதனால் இன்று, நாளை, நாளன்றைக்கு என்ற மூன்று சொற்களும் டியூட்டி மெசேஜில் வேண்டாம். தேதியும் கிழமையும் சேர்த்தே போடுங்கள். கிழமையில் தவறினால் தேதி காட்டிக்கொடுக்கும், தேதியில் தவறினால் கிழமை. “ஒரு மணித்தியாலம் முன்னுக்கு”, “கொஞ்சம் தள்ளி” என்பதும் வேண்டாம், மணியையே எழுதுங்கள்.

இன்னொன்று, குரூப்பில் போடுவதற்கு முன் தம்பியிடம் தனியாகப் பேசி, “11ஆம் தேதி புதன் காலை 6க்கு வருகிறேன்” என்று அவர் வாயாலேயே சொல்ல வைத்தீர்களா? கடிதத்தில் அது இல்லை. குரூப் என்பது முடிவான விஷயத்தை அறிவிக்கிற இடம். மாற்றம் யாரைத் தொடுகிறதோ அவரோடும் மேனேஜரோடும் பேசி முடித்த பிறகுதான் அங்கே போட வேண்டும். அங்கேயே “யாராவது வர முடியுமா?” என்று தொடங்கினால் நாற்பது மெசேஜ் ஓடும், முடிவு நடுவில் எங்கோ புதைந்துபோகும்.

உங்கள் மெசேஜை நான் எழுதியிருந்தால் இப்படி வந்திருக்கும்:

டியூட்டி மாற்றம், ரிசப்ஷன் மட்டும்
11 புதன் காலை 6 – 2: தம்பி (நான் இல்லை)
12 வியாழன் காலை 6 – 2: நான் (தம்பி லீவு)
13 வெள்ளி முதல் பழையபடி
சமையல், ரூம், வேன்: மாற்றம் இல்லை
புதன் அன்று அவசரம் என்றால் மேனேஜருக்கு எடுங்கள்

“தம்பி” என்ற இடத்தில் அவர் பெயரையே போடுங்கள், ஒன்பது பேரில் எத்தனை தம்பிகளோ! முதல் வரியைப் பார்த்ததுமே சமையல்காரருக்கு இது தனக்கில்லை என்று தெரிந்துவிடும். ஐந்தாவது வரி அதை உறுதிப்படுத்துகிறது. மாறாததைச் சொல்லாமல் விட்டால், “அப்போ என் டியூட்டியும் மாறியிருக்கா அக்கா?” என்று இரண்டு பேராவது கேட்பார்கள். நான்காவது வரியைப் பலர் மறந்துவிடுகிறார்கள். மாற்றம் எப்போது முடிகிறது என்று சொல்லாவிட்டால், வெள்ளியன்றும் அதே குழப்பம் வரும். தமிழ் வாசிக்கத் தெரியாத சிங்கள நண்பர்கள் குரூப்பில் இருந்தால், அதே ஆறு வரியைச் சிங்களத்திலும் அதன் கீழேயே போடச் சொல்லி யாரிடமாவது கேளுங்கள்.

இதில் கிளினிக் என்ற சொல்லே இல்லை, கவனித்தீர்களா? காரணத்தைச் சொல்வதா வேண்டாமா என்று தெரியாதபோது நான் பார்ப்பது ஒன்றைத்தான்: இந்தக் காரணம் தெரிந்தால் மற்றவர் செய்யப்போவது மாறுமா? மண் சரிந்து வீதி மூடியிருக்கிறது என்றால் கட்டாயம் எழுத வேண்டும், அதே வழியில் வருகிற மூன்று பேர் வேறு பஸ் பார்ப்பார்கள். உங்கள் ஸ்கேன் தெரிந்தால் யாருடைய டியூட்டியும் மாறப்போவதில்லை. அது மேனேஜருக்கு உரியது, அவருக்கும் தனி மெசேஜில், லீவுக்குத் தேவையான அளவுக்கு மட்டும். “ஏன் அக்கா லீவு?” என்று யாராவது கேட்டால் “ஒரு சொந்த வேலை” போதும். ஆனால் பொய்க் காரணம் சொல்லாதீர்கள். சொந்தக்காரர் கல்யாணம் என்று எழுதிவிட்டு, கையில் கிளினிக் கொப்பியோடு கண்டி பஸ் ஸ்டாண்டில் நம் ஆள் ஒருவர் கண்ணில் பட்டால், அடுத்த முறை உண்மையைச் சொன்னாலும் நம்ப மாட்டார்கள்.

போட்ட பிறகு ஒரு தவறு தெரிந்தால்? வாட்ஸ்அப்பில் 15 நிமிடத்துக்குள் மெசேஜைத் திருத்தலாம். ஆனால் திருத்தினால் யாருடைய போனும் மறுபடி சத்தம் போடாது. ஏற்கெனவே “6” என்று படித்துவிட்டுப் போனை உள்ளே வைத்தவருக்கு அது “7” ஆனது தெரியவே தெரியாது. எழுத்துப்பிழை என்றால் திருத்துங்கள். மணியோ நாளோ தவறு என்றால் பழையதை எல்லாருக்குமாக அழித்துவிட்டு, “திருத்தம்” என்று தொடங்கி முழு மெசேஜையும் புதிதாகப் போடுங்கள். பாதி மட்டும் எழுதினால் இரண்டையும் சேர்த்துப் படிக்கிற வேலை அவர்கள் தலையில் விழும். அப்புறம் அதை அழுத்திப் பிடித்து Pin செய்து 7 நாள் என்று தெரிவு செய்யுங்கள். மேலேயே நிற்கும். சமையலறைச் சுவரில் ஒட்டியிருக்கும் அட்டவணையையும் அன்றே பேனாவால் மாற்றிவிடுங்கள். சுவரில் ஒன்றும் போனில் ஒன்றும் இருந்தால் ஆட்கள் சுவரைத்தான் நம்புவார்கள்.

யார் பார்த்தார்கள் என்பது Info என்பதில் தெரியும். பார்த்தார் என்றால் புரிந்துகொண்டார் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். எட்டுப் பேரின் கட்டைவிரலும் உங்களுக்குத் தேவையில்லை, தம்பியின் பதில் ஒன்று போதும். முதல் நாள் சாயங்காலம் வரை அவர் பார்க்கவில்லை என்றால் கோல் எடுத்துவிடுங்கள்.

சரி, ஏற்கெனவே சொல்லிவிட்டதை என்ன செய்வது? ஒரு வாரம் ஆனதால் இனி அதை எல்லாருடைய போனிலிருந்தும் அழிக்க முடியாது. குரூப்பில் விளக்கம் எதுவும் எழுத வேண்டாம், எழுதினால் பேச்சு மறுபடி தொடங்கும். கேட்கிறவர்களில் பெரும்பாலானோர் அன்பில்தான் கேட்கிறார்கள். நேரில் கேட்டால் “இப்போ பரவாயில்லை, கேட்டதுக்குச் சந்தோசம்” என்று சொல்லிவிட்டு வேலைப் பேச்சுக்கு வந்துவிடுங்கள். இரண்டு மூன்று முறை அப்படிச் செய்தால் தானாக நின்றுவிடும்.

அடுத்த கிளினிக் தேதியைக் கொப்பியில் எழுதித் தந்திருப்பார்கள். தேதி கையில் இருக்கிறதென்றால் முதல் நாள் இரவு வரை பார்த்திருக்க வேண்டாம். இந்த வாரமே தம்பியிடமும் மேனேஜரிடமும் பேசிவிட்டு, எல்லாரும் விழித்திருக்கிற ஒரு சாயங்காலத்தில், ஏழு மணி போல, அந்த ஆறு வரியைப் போடுங்கள். கிளினிக்குக்கு முதல் நாள் காலையில் இன்னொரு முறை நினைவூட்டுங்கள்.