இரண்டு கட்ட அபார்ட்மெண்ட் திட்டம்: வாங்குபவர் தவணையை என்பிவி கணக்கில் எங்கே வைப்பது?

கேள்வி: பட்டர்வொர்த் பக்கம் இரண்டு கட்டமாகக் கட்டும் அபார்ட்மெண்ட் திட்டம். வாங்குறவங்க வேலை நடக்க நடக்கத் தவணையா கட்டுவாங்க. இதுக்கு என்பிவி எப்படிப் போடுறது? விற்பனை மெதுவா போனா, இரண்டாவது கட்டம் தள்ளிப்போனா எவ்வளவு அடிபடும்?

பதில்:

என்பிவி என்பது எல்லா வரவு செலவையும் இன்றைய மதிப்புக்குக் கொண்டுவந்து கூட்டிய எண்; எந்தப் பணம் எப்போது வருகிறது என்பதுதான் அதில் முக்கியம். அதனால் லாபக் கணக்கை ஓரமாக வைத்துவிட்டு, விற்பனை ஒப்பந்தத்தின் மூன்றாவது அட்டவணையை எடுங்கள். மலேசிய வீடமைப்பு விதிகள் அடுக்குமாடி வீடுகளுக்கென வகுத்த எச் அட்டவணை ஒப்பந்தத்தில் எந்த வேலை முடிந்தால் எத்தனை விழுக்காடு கேட்கலாம் என்பது சட்டத்திலேயே இருக்கிறது. மேம்பாட்டாளர் இஷ்டத்துக்கு அதை மாற்ற முடியாது.

கையெழுத்துக்கு 10. அடித்தள வேலை முடிந்தால் 10, வீட்டின் கட்டமைப்புக்கு 15, சுவரும் கதவு, ஜன்னல் சட்டமும் முடிந்தால் 10, மின்கம்பி, குழாய் வேலைக்கு 10, பூச்சு வேலைக்கு 10. கழிவுநீர், வடிகால், சாலை மூன்றுக்கும் சேர்த்து 10. மீதி 25 சாவி கொடுக்கும்போது. ஆனால் அந்த 25-இல் 5 விழுக்காடு உங்கள் கைக்கு உடனே வராது, வழக்கறிஞரிடம் நிற்கும். சாவி கொடுத்து 8 மாதம் முடிந்ததும் பாதி, 24 மாதம் முடிந்ததும் பாதி.

இங்கே பலர் கவனிக்காத ஒன்று உண்டு. கட்டமைப்பு, சுவர், கம்பி வேலை, பூச்சு எல்லாம் 'அந்த வீட்டுக்கு' என்றுதான் எழுதியிருக்கிறது, கட்டடத்துக்கு அல்ல. ஐந்தாவது மாடிக்காரருக்குக் கட்டமைப்பு பில் போய்ப் பல மாதம் கழித்துத்தான் முப்பதாவது மாடிக்காரருக்குப் போகும். மாதக் கணக்காகப் போடுகிறவர்கள் வீடுகளை மாடி வாரியாக மூன்று, நான்கு கூட்டமாகப் பிரித்துக்கொள்வது நல்லது. பில் போன அன்றே பணம் வந்ததாகவும் வைக்காதீர்கள். கட்டடக் கலைஞரின் சான்றிதழோடு நோட்டீஸ் போனபின் வாங்குபவருக்கு 30 நாள் உண்டு. அவர் தன் கைப்பணத்தை முதலில் கட்டி முடித்தால்தான் வங்கி லோனைத் திறக்கும். சான்றிதழ் தேதியிலிருந்து இரண்டு மாதம் தள்ளி வைத்தால் கணக்கு நடப்புக்கு ஒத்துவரும்.

இனி ஒரு கற்பனைக் கணக்கு. முதல் கட்டம் 200 வீடு, தள்ளுபடி எல்லாம் கழித்து வீடு ஒன்று 5 லட்சம் வெள்ளி, ஆக விற்பனை மதிப்பு 100 மில்லியன். நிலத்தில் இந்தக் கட்டத்தின் பங்கு 12, விற்பனை அனுமதி வரை ஆன செலவு 6, கட்டுமானம் 60, இரண்டு கட்டத்துக்கும் பொதுவான சாலை, வடிகால் வேலை 6, நிர்வாகமும் விளம்பரமும் 6. மொத்தச் செலவு 90, லாபம் 10. வருமான வரியை இங்கே சேர்க்கவில்லை. ஒரு காலம் என்பது அரை ஆண்டு, பிந்தி வரும் பணத்தின் மதிப்பைக் குறைக்கும் கழிவு விகிதம் அரை ஆண்டுக்கு 6 விழுக்காடு, எல்லா வீடும் தொடக்கத்திலேயே விற்றுவிட்டதாக வைத்துக்கொள்வோம். தொகை மில்லியன் வெள்ளியில்:

```
காலம்  வரவு   செலவு   நிகரம்
0       0      18     -18
1      10       7       3
2      10      17      -7
3      15      14       1
4      10      15      -5
5      20      11       9
6      30       8      22
7       0       0       0
8       2.5     0       2.5
9       0       0       0
10      2.5     0       2.5
```

எக்செலில் நிகரம் D2 முதல் D12 வரை இருந்தால்:

```
=D2+NPV(6%,D3:D12)
```

D2-ஐ அடைப்புக்குள் போட்டால் நிலத்துக்கு இன்று கொடுத்த பணத்தையும் எக்செல் ஆறு மாதம் தள்ளிவிடும். இன்னொரு வில்லங்கம், காலம் 7, காலம் 9 வரிசைகளில் நிகரத்தை வெற்றாக விட்டால் அந்தச் சார்பு அவற்றைத் தாண்டிப் போய்விடும். கடைசிப் பணம் முன்கூட்டி வந்ததாகக் கணக்காகும். சுழியம் போட்டே ஆக வேண்டும்.

விடை 0.7 மில்லியன். கையில் 10 மில்லியன் லாபம் தெரிகிற திட்டம் 6 விழுக்காட்டில் மயிரிழையில் தேறுகிறது. இதே திட்டத்தைப் பத்து–தொண்ணூறு முறையில், அதாவது 10 கையெழுத்துக்கு, மற்றது சாவிக்கு என்று விற்றால் (கடைசி 5 அப்படியே) விடை −4.9. தவணை முறையால் மேம்பாட்டாளருக்குக் கிடைக்கும் மதிப்பு இந்த இடைவெளிதான், ஏறத்தாழ 5.6 மில்லியன்.

கட்டி முடிக்கும்வரை வங்கி தரும் பிரிட்ஜிங் லோனின் வட்டியைச் செலவில் சேர்த்துவிட்டு, மேலே கழிவு விகிதமும் போடுகிறவர்கள் உண்டு. அது ஒரே செலவை இரண்டு தடவை எண்ணுவது. வட்டி கழிவு விகிதத்துக்குள்ளேயே இருக்கிறது. நிலத்தை அடமானம் வைத்திருக்கும் வங்கி ஒவ்வொரு தவணையிலும் ஒரு பங்கை எடுத்துக்கொள்வதும் லோன் சமாச்சாரம்தான்; திட்டத்தின் வரவில் கை வைக்கக் கூடாது.

விற்பனை மெதுவாகப் போனால்

பாதி வீடு தொடக்கத்தில், மறுபாதி காலம் 4-இல் விற்கிறது என்று வைப்போம். பிந்திய பாதியின் தவணை வரிசை முழுவதையும் ஒன்றரை ஆண்டு தள்ளி வைப்பதுதான் பலரும் செய்வது. அப்படிச் செய்தால் இழப்பு 6.2 மில்லியன் என்று வரும். அது தவறு. காலம் 4-இல் வாங்குகிறவர் கையெழுத்துப் போட்டதும், அதுவரை முடிந்த வேலைக்கெல்லாம் சேர்த்து ஒரேயடியாகப் பில் போகும். அடித்தளம், கட்டமைப்பு, சுவர் எல்லாம் முடிந்திருப்பதால் 45 விழுக்காடு ஒட்டுமொத்தமாக வந்து சேரும். பிறகு அவரும் மற்றவர்களோடு ஒரே வரிசையில் போவார். உண்மையான இழப்பு 1.6 மில்லியன்தான். என்பிவி −0.9 ஆகும்.

இதைப் பார்த்து நிம்மதி அடைய வேண்டாம். நிகரத்தைக் கூட்டிக்கொண்டே வாருங்கள். எல்லாம் விற்றபோது ஆழமான பள்ளம் காலம் 4-இல் 26 மில்லியன். பாதிதான் விற்றபோது காலம் 3-இலேயே 38.5 மில்லியன். வங்கி 30 மில்லியனுக்கு வரம்பு வைத்திருந்தால், 45 விழுக்காடு வந்து சேரும் நாளுக்கு முன்பே குத்தகையாளருக்குக் கொடுக்கப் பணம் இருக்காது. மெதுவான விற்பனை திட்டங்களைக் கவிழ்ப்பது இந்த வழியில்தான். என்பிவி என்ற ஒற்றை எண்ணில் இது தெரியாது. அதனால் இப்படிக் கூட்டிக்கொண்டே வரும் திரள் நிகரத்துக்கு ஒரு நெடுவரிசை தனியாக வைத்து, அதன் அடிமட்டத்தையும் விடையோடு சேர்த்தே காட்டுங்கள். பூமிபுத்ரா ஒதுக்கீட்டு வீடுகளை, விடுவிப்பு அனுமதி வரும்வரை பொதுவில் விற்க முடியாது. அவற்றையும் பிந்திய பாதியில் சேர்ப்பதே பாதுகாப்பு.

வேலை தாமதமானால்

இதுதான் பெரிய அடி. எச் அட்டவணையில் சாவிக்குக் கெடு 36 மாதம். தாண்டினால் வீட்டு விலையில் ஆண்டுக்கு 10 விழுக்காடு, நாள் கணக்கில், வாங்குபவருக்கு நஷ்டஈடு. அந்த நாள் ஒப்பந்தத் தேதியிலிருந்து அல்ல, முன்பதிவுப் பணம் கட்டிய தேதியிலிருந்தே ஓடுகிறது என்று 2021-இல் கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எல்லாரும் தொடக்கத்தில் முன்பதிவு செய்திருந்து, சாவி ஆறு மாதம் பிந்தினால் நஷ்டஈடு மட்டும் 5 மில்லியன். கடைசித் தவணைகள் பிந்துவதையும் கூடுதல் நிர்வாகச் செலவையும் சேர்த்தால் இன்றைய மதிப்பில் 5 மில்லியனுக்கு மேல் போகும். பாதி வீடு விற்காமல் கிடந்ததைவிட மூன்று மடங்கு அடி. பிந்தி வாங்கியவர்களுக்குக் கெடுவும் பிந்தியே முடியும், ஆகவே நஷ்டஈட்டை ஒவ்வொரு வீட்டின் முன்பதிவுத் தேதிக்கும் தனித்தனியாகப் போட வேண்டும்.

பட்டர்வொர்த் பக்கம் கடல் களிமண் என்பதால் பைலிங்கில்தான் முதல் சறுக்கல் வரும். அடித்தளத்துக்கான 10 விழுக்காடு திட்டமிட்ட மாதத்தில் பில் ஆகவில்லை என்றால், அன்றே சாவித் தேதியைத் திருத்திக் கணக்கை மறுபடி ஓட்டுங்கள். மேல்மாடி வேலையில் பிடித்துக்கொள்ளலாம் என்று குத்தகையாளர் சொல்வதை அட்டவணையில் ஏற்ற வேண்டாம்.

இரண்டாவது கட்டம்

அளவும் விலையும் அதே என்று வைப்போம். பொது வேலை 6 மில்லியனை முதல் கட்டமே செய்துவிட்டதால், இரண்டாவது கட்டம் தன் தொடக்க நாளில் 6.0 மில்லியன் காட்டும். பார்த்ததும் 'முதல் கட்டம் மோசம், இரண்டாவது அருமை' என்று தோன்றும். அது வெறும் கணக்குத் தோற்றம். நிலம் வாங்கும் நாளில் இரண்டையும் ஒன்றாகத்தான் பார்க்க வேண்டும். இரண்டாம் கட்ட நிலத்துக்கும் அன்றே 12 மில்லியன் கொடுத்தாகிவிட்டது. இரண்டாவது கட்டம் காலம் 4-இல் தொடங்கினால் மொத்த என்பிவி 3.0 மில்லியன், காலம் 6-க்குத் தள்ளினால் 1.4. ஓர் ஆண்டு தாமதத்தின் விலை 1.6 மில்லியன்.

காலம் 4-இல் நின்று 'கட்டலாமா' என்று கேட்கும்போது கணக்கு வேறு. பொது வேலைக்குப் போட்ட பணம் போனதுதான், சேர்க்கக் கூடாது. நிலத்தை வாங்கிய விலையிலும் வைக்கக் கூடாது. இன்று வெறும் மனையாக விற்றால் என்ன கிடைக்குமோ அதை வையுங்கள். இந்த உதாரணத்தில் அது 12-ஆகவே இருந்து, வீட்டு விலை மட்டும் 10 விழுக்காடு இறங்கினால் 6.0 என்பது −1.8 ஆகிவிடும். அப்போது மனையை விற்பதோ காத்திருப்பதோ மேல். கட்டம் கட்டமாகப் போவதில் உள்ள மதிப்பே இப்படி நிறுத்திக்கொள்ள முடிவதுதான்.

இதைக் கெடுக்கும் விஷயங்கள் இரண்டு. ஒன்று, வாங்குபவர்களின் பணம் போய்ச் சேரும் வீடமைப்புக் கணக்கு. சட்டப்படி ஒவ்வொரு கட்டத்துக்கும் தனி வங்கிக் கணக்கு. முதல் கட்டத்தில் காலம் 6-இல் வரும் 22 மில்லியனை நினைத்த மாதத்தில் இரண்டாம் கட்ட பைலிங்குக்கு மாற்ற முடியாது. உபரி என்று விதிப்படி வெளியே எடுத்த பிறகுதான் அது உங்கள் பணம். திரள் நிகரத்தைக் கட்டத்துக்கு ஒன்றாகத் தனித்தனியே போடுங்கள், ஒன்றின் மிச்சத்தை இன்னொன்றின் பள்ளத்தில் கொட்டாதீர்கள். இன்னொன்று, முதல் கட்ட ஒப்பந்தத்தில் வாக்களித்த பொது வசதிகள். நீச்சல் குளமும் மண்டபமும் இரண்டாம் கட்ட நிலத்தில் வருவதாக வரைபடம் காட்டினால், இரண்டாவது கட்டத்தை நிறுத்தினாலும் அவற்றைக் கட்டித்தான் தர வேண்டும். அந்தச் செலவை முதல் கட்டத்தின் காலம் 6-இல் எழுதிவிட்டு, 0.7 மில்லியனில் என்ன மிஞ்சுகிறது என்று பாருங்கள்.