மாடியில் சோலார்: கடனா, கைப்பணமா, மானியமா?

கேள்வி: ஐயா, மதுரையில் சொந்த வீடு. இரண்டு மாதத்துக்கு 700 யூனிட் ஓடுகிறது, 3,900 ரூபாய் கட்டுகிறேன். மாடியில் சோலார் போட ஆசை. மூன்று கிலோவாட்டுக்கு 1,95,000 ரூபாய் கேட்கிறார்கள். வங்கிக் கடன் வாங்கலாமா, அரசு மானியத்தில் போடலாமா, டெபாசிட்டில் இருக்கும் இரண்டு லட்சத்தை எடுத்துக் கட்டிவிடலாமா? மின் இணைப்பு காலமான அப்பா பெயரில்தான் இருக்கிறது.

பதில்: மானியத்தை மூன்றாவது வழியாக எண்ணாதீர்கள். கடன் வாங்கினாலும் கைப்பணம் கொடுத்தாலும் மானியம் ஒன்றுதான். ஆனால் அது கடைசியில்தான் வரும். பேனல் ஏறி, நீங்கள் வாரியத்துக்குக் கொடுக்கும் மின்சாரத்தையும் வாங்கும் மின்சாரத்தையும் கணக்கிடும் நெட் மீட்டர் பொருத்தி, மின்வாரியம் ஆய்வு செய்து முடித்த பிறகே உங்கள் வங்கிக் கணக்கில் விழும். அதுவரை முழு விலையையும் யாராவது சுமந்தாக வேண்டும். அது வங்கியா உங்கள் டெபாசிட்டா என்பதுதான் நீங்கள் முடிவு செய்ய வேண்டியது.

அதற்கு முன் ஒரு திருத்தம் சொல்கிறேன். உங்கள் வீட்டுக்கு மூன்று கிலோவாட் வேண்டுமா என்று பாருங்கள். நம் கட்டணம் படிப்படியாக ஏறுகிறது. முதல் 100 யூனிட் இலவசம். 600 யூனிட்டைத் தாண்டினால் ஒரு யூனிட் ஒன்பது ரூபாய்க்கு மேல். 500 யூனிட்டைத் தாண்டாதவர்களுக்கு 101 முதல் 200 வரையிலான யூனிட் மலிவு. சோலார் முதலில் வெட்டுவது உச்சியில் இருக்கும் விலை உயர்ந்த யூனிட்டுகளை. இரண்டு கிலோவாட் இங்குள்ள வெயிலில் இரண்டு மாதத்துக்கு 430 யூனிட் தரும் என்று மேகம், தூசியைக் கழித்தே கணக்கு வைக்கலாம். அப்படியானால் நீங்கள் வாரியத்திடம் வாங்குவது 270 யூனிட். அதற்கு வரும் பில் 600 ரூபாய்க்குள். 3,900 ரூபாயில் ஏறத்தாழ 3,300 மிச்சம்.

மூன்றாவது கிலோவாட் என்ன செய்யும்? எஞ்சிய 600 ரூபாயைத்தான் குறைக்க முடியும். பிரதமரின் சூர்ய கர் திட்டத்தில் முதல் இரண்டு கிலோவாட்டுக்குத் தலா 30,000 ரூபாய் மானியம், மூன்றாவதுக்கு 18,000. மொத்தம் 78,000, எவ்வளவு பெரிதாகப் போட்டாலும் மானியம் அதற்கு மேல் ஏறாது. இரண்டு கிலோவாட் 1,40,000 ரூபாய்க்குக் கிடைத்தால் மூன்றாவதற்காக நீங்கள் கூடுதலாகக் கொடுப்பது 55,000. மானியம் போக 37,000. வருடத்துக்கு அதிகபட்சம் 3,600 ரூபாய் மிச்சத்துக்காக அந்தத் தொகை! விரைவில் இன்னொரு ஏ.சி. வாங்கப் போகிறீர்கள் என்றால் மட்டும் மூன்று போடுங்கள்.

இனிப் பணத்துக்கு வருகிறேன். இந்தத் திட்டத்தின்கீழ் பொதுத்துறை வங்கிகள் மூன்று கிலோவாட் வரை இரண்டு லட்சம் ரூபாய் அடமானமின்றித் தருகின்றன. ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கடன் தரும் ரெப்போ விகிதத்துடன் அரை சதவீதம் கூட்டியதுதான் வட்டி. 6 சதவீதத்தை ஒட்டி வருகிறது. விலையில் பத்தில் ஒரு பங்கை நீங்கள் போட வேண்டும். 1,40,000 ரூபாய்க்கு நீங்கள் 14,000, வங்கி 1,26,000.

பத்து வருடத் தவணை கேளுங்கள். மாதம் 1,400 ரூபாய், இரண்டு மாதத்துக்கு 2,800. மின்கட்டணத்தில் மிச்சமாகும் 3,300 ரூபாய்க்குள் அது அடங்குகிறது. வீட்டுச் செலவில் கைவைக்கத் தேவையில்லை. மானியம் 60,000 வந்ததும் அதை அப்படியே கடனின் அசலில் கட்டிவிடுங்கள். தவணையை மாற்றாமல் காலத்தை மட்டும் குறைக்கும்படி எழுதிக் கொடுங்கள். மீதி அசல் சுமார் 66,000. அதே 1,400 ரூபாயில் நான்கரை வருடத்தில் கடன் தீர்ந்துவிடும். அந்தக் காலத்துக்கான வட்டி 10,000 ரூபாய்க்குள். மாறும் வட்டிக் கடன் என்பதால் முன்கூட்டி அடைப்பதற்குத் தனிநபரிடம் அபராதம் வாங்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. வந்த மானியத்தை வேறு செலவுக்கு எடுத்துவிட்டால் இந்தக் கணக்கு உடைந்துவிடும். நான் பார்த்த வீடுகளில் அதிகம் நடப்பது அதுதான்.

கைப்பணம் கொடுப்பதில் தவறில்லை. ஆனால் உங்கள் டெபாசிட்டுக்கு வங்கி தரும் வட்டியும் இந்தக் கடனின் வட்டியும் கிட்டத்தட்ட ஒன்றாகவே இருக்கும்போது, டெபாசிட்டை உடைப்பதில் பெரிய லாபம் இல்லை. மருத்துவமனைச் செலவுக்கு அது கையில் இருக்கட்டும். வங்கி கடன் மறுத்தால் மட்டும் அதை எடுங்கள். அப்போதும் மானியம் வரத் தாமதமாகலாம் என்பதை நினைவில் வைத்து, அந்த 60,000 ரூபாயை எதற்கும் ஒதுக்கிவிடாதீர்கள்.

நிறுவனமே “மாதத் தவணை, வட்டி 9 சதவீதம் மட்டும்” என்று சொன்னால், வாங்கிய முழுத் தொகைக்கும் கடைசி வரை போடும் நிலையான வட்டியா, குறையும் அசலுக்கான வட்டியா என்று கேளுங்கள். 1,26,000 ரூபாய்க்கு ஐந்து வருட நிலையான 9 சதவீதம் என்றால் வட்டி மட்டும் 56,700. மாதத் தவணை 3,045. உண்மையான வட்டி 16 சதவீதத்தை ஒட்டிப் போகிறது. இரண்டு மாதத்தில் 6,090 கட்ட வேண்டும், மிச்சமோ 3,300.

“மானியம் போக 80,000 கொடுத்தால் போதும்” என்று எழுதிய விலைப்பட்டியலையும் ஏற்காதீர்கள். முழு விலையும் தனியாக, மானியம் தனியாக இருக்கட்டும். மானியம் உங்கள் கணக்குக்குத்தான் வரும். சோலார் செல், பேனல் இரண்டும் உள்நாட்டில் தயாரானவை என்ற குறிப்பு பட்டியலில் வேண்டும். இறக்குமதிப் பேனல் மலிவாக இருக்கும், ஆனால் மானியம் கிடையாது. நிறுவனம் pmsuryaghar.gov.in தளத்தில் பதிவு பெற்றதா என்றும் பாருங்கள்.

இத்தனைக்கும் முன்னால் முடிக்க வேண்டியது அப்பா பெயரிலுள்ள இணைப்பு. விண்ணப்பம் மின் இணைப்பு எண்ணை வைத்துத்தான் தொடங்குகிறது. இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ அவருக்குத்தான் மானியம். வாரிசுச் சான்று, இறப்புச் சான்று, வீட்டு ஆவணம் ஆகியவற்றோடு மின்வாரிய அலுவலகத்தில் பெயர் மாற்றத்துக்குக் கொடுங்கள். சென்ற ஆண்டு ஒரு வீட்டில் மின் அட்டையில் ‘கே’ என்ற தலைப்பெழுத்து இருந்தது, வங்கிப் பாஸ்புத்தகத்தில் அது இல்லை. பேனல் வெயிலில் மின்னிக்கொண்டிருக்க, அந்த ஒரு எழுத்துக்காக மானியம் நான்கு மாதம் நின்றது. அவர் கடன் தவணையைக் கைப்பணத்திலிருந்து கட்டிக்கொண்டிருந்தார். உங்கள் மின் அட்டை, ஆதார், பாஸ்புத்தகம் மூன்றையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, தலைப்பெழுத்து வரை ஒத்துப் பாருங்கள். பெயர் மாற்றம் கையில் வந்த பிறகே யாருக்கும் முன்பணம் கொடுங்கள். திட்டம் 2026–27 நிதியாண்டு வரை என்பதால் சான்றுகளுக்கு இந்த வாரமே விண்ணப்பியுங்கள்.