தாமிரத்துக்கு 4 அணுவா, 1 அணுவா?

கேள்வி: நான் எம்.எஸ்சி இயற்பியல் படிக்கிறேன். பாடத்தில் தாமிரத்தின் அலகுக்கூட்டில் 4 அணுக்கள் என்று படித்தோம். ப்ராஜெக்டுக்காக கணினியில் தாமிரத்தை உருவாக்கினால் 1 அணுதான் வருகிறது, கோணங்களும் 90 பாகைக்குப் பதில் 60 பாகை காட்டுகிறது. எது சரி? விக்னர்-சைட்ஸ் கூடு என்பது இதில் எங்கே வருகிறது, அதை எப்படிச் சரியாக வரைவது?

பதில்: இரண்டுமே சரி. பாடத்தில் பார்த்தது வழக்கமான கூடு. கணினி கொடுத்தது முதல்நிலைக் கூடு, அதாவது ஒரே ஒரு அணிக்கோவைப் புள்ளி அடங்கும் மிகச் சிறிய கூடு. படிகம் ஒன்றுதான், அதை வெட்டியெடுத்த விதம்தான் வேறு. இதைப் படித்து நம்புவதைவிட நீங்களே கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம்.

தாமிரம் முகப்புமைய கனசதுரம்; பக்கம் a = 3.61 ஆங்ஸ்ட்ராம். மூலைகளில் 8 அணுக்கள், ஒவ்வொன்றிலும் எட்டில் ஒரு பங்குதான் இந்தக் கூட்டுக்குச் சொந்தம். ஆறு முகங்களின் நடுவில் 6 அணுக்கள், ஒவ்வொன்றிலும் பாதி. ஆக 1 + 3 = 4. பருமன் a³, அதாவது 47.05 கன ஆங்ஸ்ட்ராம்.

இப்போது ஒரு மூலையிலிருந்து, அந்த மூலையில் சந்திக்கும் மூன்று முகங்களின் நடுப்புள்ளிகளுக்கு மூன்று திசையன்களை வரையுங்கள். அவை (a/2)(0,1,1), (a/2)(1,0,1), (a/2)(1,1,0). ஒவ்வொன்றின் நீளமும் a/√2, சுமார் 2.55 ஆங்ஸ்ட்ராம். எந்த இரண்டை எடுத்தாலும் இடைக்கோணம் 60 பாகை. உங்கள் திரையில் வந்த 60 இதுதான். இந்த மூன்றும் சேர்ந்து கட்டும் சாய்ந்த பெட்டியின் பருமன் a³/4, அதாவது 11.76. உள்ளே 1 அணு. ஓர் அணுவின் நிறையை இந்தப் பருமனால் வகுத்தால் அடர்த்தி 8.97 கிராம்/கன செ.மீ. என்று வரும், 4 அணுக்களை 47.05-ஆல் வகுத்தாலும் அதேதான். ASE என்ற பைத்தான் நூலகத்தைப் பயன்படுத்துகிறீர்கள் என்றால் இதை ஓட்டிப் பாருங்கள்:

```
from ase.build import bulk
p = bulk('Cu', 'fcc', a=3.61)
c = bulk('Cu', 'fcc', a=3.61, cubic=True)
print(len(p), p.get_volume())
print(len(c), c.get_volume())
```

முதல் வரியில் 1-உம் 11.76-உம், அடுத்ததில் 4-உம் 47.05-உம் வர வேண்டும். ஒரு விஷயத்தில் மட்டும் கவனம்: மென்பொருள் தரும் மொத்த ஆற்றல் ஒரு கூட்டுக்கானது. 4 அணுக் கூட்டின் ஆற்றலை 1 அணுக் கூட்டின் ஆற்றலோடு அப்படியே ஒப்பிட்டால் நான்கு மடங்கு வித்தியாசம் தெரியும். எப்போதும் அணு எண்ணிக்கையால் வகுத்துவிட்டு ஒப்பிடுங்கள்.

சரி, சிறிய கூடே போதும் என்றால் பெரிய கூடு எதற்கு? அந்தச் சாய்ந்த பெட்டியை மட்டும் ஒருவரிடம் கொடுத்தால், இது கனசதுரப் படிகம் என்று அவரால் பார்த்தவுடன் சொல்ல முடியாது. அதன் நீண்ட மூலைவிட்டத்தைச் சுற்றி மூன்று மடிப்புச் சமச்சீர் தெரியும். தாமிரத்துக்கு உண்மையில் இருக்கும் நான்கு மடிப்பு அச்சுகள் மறைந்துவிடும். படிகத்தில் அவை இருக்கின்றன, பெட்டியின் வடிவத்தில் இல்லை. அதனால்தான் தளங்களுக்கும் எக்ஸ்கதிர் உச்சங்களுக்கும் எண் கொடுக்கும்போது எல்லோரும் கனசதுர அச்சுகளையே பிடித்துக்கொள்கிறார்கள்.

சிறியதாகவும் இருக்க வேண்டும், முழுச் சமச்சீரும் தெரிய வேண்டும் என்றால் அதற்குத்தான் விக்னர்-சைட்ஸ் கூடு. விக்னரும் சைட்ஸும் 1933-இல் சோடியம் உலோகத்தை ஆராயும்போது இதைப் பயன்படுத்தினார்கள். ஓர் அணிக்கோவைப் புள்ளியை எடுங்கள். பக்கத்துப் புள்ளி ஒவ்வொன்றுக்கும் ஒரு கோடு இழுத்து, அதன் சரிபாதியில், கோட்டுக்குச் செங்குத்தாக ஒரு தளம் வையுங்கள். எல்லாத் தளங்களும் சேர்ந்து நடுப்புள்ளியைச் சுற்றி அடைக்கும் மிகச் சிறிய இடம்தான் கூடு. வேறு எந்தப் புள்ளியையும்விட இந்தப் புள்ளிக்கு அருகில் உள்ள இடம் முழுவதும் இதற்குள் இருக்கும். எல்லாப் புள்ளிகளுக்கும் ஒரே அளவு பங்கு கிடைப்பதால் பருமன் முதல்நிலைக் கூட்டின் பருமனேதான். இதில் எந்தத் திசையன்களையும் நாம் தேர்ந்தெடுக்கவில்லை, தூரத்தை மட்டுமே பார்த்தோம். அதனால் அணிக்கோவையின் சமச்சீர் எதுவும் விடுபடுவதில்லை.

தாமிரத்துக்குச் செய்து பார்ப்போம். மிக அருகில் (a/2, a/2, 0) வகையில் 12 புள்ளிகள். (a/2, a/2, 0)-க்கான பாதித் தளம் x + y = a/2; நடுவிலிருந்து அதன் தூரம் a/(2√2), சுமார் 1.28 ஆங்ஸ்ட்ராம். இப்படி 12 தளங்கள் வெட்டினால் 12 சாய்சதுர முகங்கள் கொண்ட திண்மம் வரும். ஒரு சாய்சதுரத்தின் மூலைவிட்டங்கள் a/√2-உம் a/2-உம். எனவே அதன் பரப்பு a²/(4√2). நடுப்புள்ளியிலிருந்து ஒவ்வொரு முகமும் ஒரு கூம்பகம். அதன் பருமன் a³/48. பன்னிரண்டையும் கூட்டினால் a³/4. கணக்கு பொருந்திவிட்டது. அடுத்த நிலையில் a தூரத்தில் உள்ள 6 புள்ளிகளின் தளங்கள் இந்தத் திண்மத்தின் 6 முனைகளைத் தொட்டுவிட்டுப் போகும், எதையும் வெட்டாது.

இதைப் பார்த்துவிட்டு ‘அருகில் உள்ள புள்ளிகள் மட்டும் போதும்’ என்று விதி வைத்துக்கொள்கிறவர்கள் இரும்பில் மாட்டிக்கொள்வார்கள். அறை வெப்பநிலையில் இரும்பு பொருள் மைய கனசதுரம், a = 2.87. அருகில் 8 புள்ளிகள். அவற்றின் தளங்கள் மட்டும் ஓர் எண்முகியைத் தரும். பார்க்க அழகாகவும் சமச்சீராகவும் இருக்கும், ஆனால் தவறு. எப்படித் தெரியும்? அதன் பருமன் 0.5625 a³. வழக்கமான கூட்டில் 2 புள்ளிகள் இருப்பதால் 0.5 a³-தான் வர வேண்டும். எண்முகியின் முனைகள் 3a/4 தூரம் நீண்டிருக்க, அடுத்த நிலைப் புள்ளிகளின் தளங்கள் a/2-இலேயே நிற்கின்றன. அவை ஆறு முனைகளையும் நறுக்குகின்றன. ஒவ்வொரு முனையிலும் போவது a³/96, ஆறுக்கும் a³/16. கழித்தால் சரியாக 0.5 a³. மிஞ்சுவது 8 அறுகோணமும் 6 சதுரமும் கொண்ட வெட்டிய எண்முகி. அதனால் எந்தப் படிகத்துக்கு வரைந்தாலும் கடைசியில் பருமனைச் சரிபாருங்கள். அதிகமாக இருந்தால் ஒரு தளம் விடுபட்டிருக்கிறது.

இன்னொன்று, தளங்களை வைக்க வேண்டியது அணிக்கோவைப் புள்ளிகளுக்கு இடையே, அணுக்களுக்கு இடையே அல்ல. தாமிரத்தில் இரண்டும் ஒன்றாக இருப்பதால் வித்தியாசம் தெரியாது. சிலிக்கானில் ஒரு புள்ளிக்கு 2 அணுக்கள். அதன் அணிக்கோவையும் முகப்புமைய கனசதுரம்தான், எனவே கூடும் அதே 12 முகத் திண்மம், உள்ளே 2 அணுக்கள். நான்கு பக்கத்து அணுக்களுக்கு இடையே தளம் வைத்தால் வேறு ஏதோ உருவம் வரும்.

ப்ராஜெக்டில் விக்னர்-சைட்ஸ் கூட்டை உள்ளீடாகக் கொடுக்க வேண்டியதில்லை. மென்பொருளுக்கு மூன்று திசையன்கள் போதும். ஆனால் ஆற்றல் பட்டைகள் வரையும்போது நீங்கள் அதைத் தவிர்க்க முடியாது. தலைகீழ் அணிக்கோவைக்கு இதே பாதித் தள வேலையைச் செய்தால் கிடைப்பதுதான் முதல் பிரில்லுவான் மண்டலம். முகப்புமைய கனசதுரத்தின் தலைகீழ் அணிக்கோவை பொருள் மைய கனசதுரம் என்பதால், தாமிரத்தின் மண்டலம் நாம் இரும்புக்கு வரைந்த அதே வெட்டிய எண்முகி. பட்டைப் படத்தில் குறிக்கப்படும் X என்பது சதுர முகத்தின் நடு, L என்பது அறுகோண முகத்தின் நடு. இந்தப் பெயர்கள் 1 அணுக் கூட்டுக்கானவை. 4 அணுக் கூட்டோடு கணக்கிட்டால் மண்டலம் நான்கில் ஒரு பங்காகச் சுருங்கி, பட்டைகள் மடிந்து ஒன்றன்மேல் ஒன்று விழும். படத்தில் எதிர்பார்த்ததைவிடக் கூடுதலாகப் பட்டைகள் நெரிசலாகத் தெரிந்தால், முதலில் எந்தக் கூட்டைக் கொடுத்திருக்கிறீர்கள் என்று பாருங்கள்.