ஆபரேஷனுக்குப் பிறகு பூனைக்கு வலிக்கிறதா?

"கருத்தடை ஆபரேஷன் முடிந்து ரெண்டாவது நாள். தலையைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருக்கிறது, கண் பாதி மூடியிருக்கிறது, காது லேசாக விலகியிருக்கிறது. கத்தவில்லை. 500 பாராசிட்டமாலில் கால் மாத்திரை கொடுக்கலாமா?"

வேண்டாம், ஒரு துணுக்குகூட. கால் மாத்திரை என்றால் 125 மில்லிகிராம். பாராசிட்டமாலைச் சிதைத்து வெளியேற்றும் நொதி பூனையின் ஈரலில் மிகக் குறைவு. மிச்சமாகும் நச்சு ரத்தத்தின் ஆக்சிஜன் சுமக்கும் திறனைக் கெடுக்கும். ஈறு பழுப்பாகும், முகமும் பாதமும் வீங்கும், மூச்சு வாங்கும். ஏற்கெனவே கொடுத்திருந்தால் இதெல்லாம் தெரியும்வரை காத்திருக்காமல் உடனே மருத்துவரிடம் ஓடுங்கள். மாற்று மருந்து உண்டு, சீக்கிரம் கொடுத்தால்தான் பலன். இபுப்ரோஃபனும் ஆகாது.

வலி இருக்கிறதா என்று முகத்தை வைத்தே கணக்கிடலாம். காது, கண், மூக்கும் வாயும் சேர்ந்த பகுதி, மீசை, தலை இருக்கும் உயரம் என ஐந்துக்கும் 0 முதல் 2 வரை மதிப்பெண். தூங்கும்போதோ உடம்பை நக்கும்போதோ பார்க்காதீர்கள். விழித்துச் சும்மா இருக்கும்போது அரை நிமிடம் பாருங்கள். பத்துக்கு நான்கு வந்தாலே வலிமருந்து தேவை. உங்கள் பூனைக்குத் தலை தோளுக்குக் கீழே என்றால் 2, கண்ணுக்கு 1, காதுக்கு 1. மீசையைப் பார்க்கும் முன்பே நான்கு வந்துவிட்டது! கத்தாததை நம்பாதீர்கள், பூனை வலியை மறைக்கும்.

சரி, என்ன கொடுப்பது? ஆபரேஷன் செய்தவரையே இன்றே கூப்பிட்டு இந்த மதிப்பெண்ணைச் சொல்லுங்கள். பூனைக்கென்று ரோபெனகாக்சிப், மெலாக்சிகாம், கன்னத்துக்குள் விடும் புப்ரினார்ஃபின் எல்லாம் இருக்கின்றன. சாப்பிடவில்லை, தண்ணீர் குடிக்கவில்லை என்றால் அதையும் சொல்லுங்கள். அந்த நிலையில் முதல் இரண்டும் சிறுநீரகத்தைப் பாதிக்கலாம்.