சிம்னி வலை ஏன் கறுத்தது? ஸ்டீலுக்கு எந்த மருந்து பொருந்தும்?

“வீட்டிலேயே வடை, ரோல்ஸ் பொரிச்சுக் கடைகளுக்குக் குடுக்கிறன். ஓவன் கழுவுற ஸ்பிரேயை சிம்னி வலைக்கு அடிச்சன், வலை கறுத்துப் போச்சு. சிம்னியின்ர ஸ்டீல் உடம்புக்கும் காஸ் அடுப்புக்கும் இனி எதைப் பாவிக்கலாம்? பிசுக்குப் படியாமல் இருக்க என்ன செய்யிறது?” – வாசகி, கிளிநொச்சி

உங்கள் வலை அலுமினியம். ஓவன் ஸ்பிரேக்களில் பெரும்பாலானவற்றில் இருப்பது காஸ்டிக் சோடா, அதாவது NaOH. அது பழைய எண்ணெயைச் சவர்க்காரமாக மாற்றிக் கரைத்துவிடும். அதனால்தான் அவ்வளவு வேகமாக வேலை செய்கிறது. ஆனால் அலுமினியத்தையும் அதே வேகத்தில் அரிக்கும். அடித்தபோது வலையில் சின்னச் சின்னக் குமிழிகள் வந்திருக்கும். அது ஐதரசன் வாயு, தீப்பற்றக்கூடியது. எரிகிற அடுப்புக்குப் பக்கத்தில் இந்த வேலையை ஒருபோதும் செய்ய வேண்டாம்.

கறுத்த வலையை உடனே எறிய வேண்டியதில்லை. நன்றாக அலசிக் காயவைத்து, ஒரு கம்பியை நகத்தால் மெதுவாக வளைத்துப் பாருங்கள். வளைந்து கொடுத்தால் பாவிக்கலாம். நிறம் மாறியது சமையலைப் பாதிக்காது. கம்பி நொறுங்கினாலோ, ஓட்டைகள் பெருத்திருந்தாலோ புது வலை போடுங்கள். ஓட்டை பெருத்தால் எண்ணெய் ஆவி நேராக மோட்டாருக்குப் போகும்.

இனி எதைக் கழுவ முதலும் அது என்ன உலோகம் என்று பாருங்கள். ஒரு காந்தத்தை வைத்தால் ஓரளவு தெரிந்துவிடும். ஒட்டினால் அது இரும்பு கலந்தது: ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் ஒரு வகையாகவோ எனாமல் பூசிய தகடாகவோ இருக்கலாம். ஒட்டாமலும் கையில் பாரமில்லாமலும் இருந்தால் அலுமினியம். நல்ல ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீலிலும் காந்தம் ஒட்டாது, ஆனால் அது பாரமாக இருக்கும்.

ஸ்டீலுக்கு வருவோம். காஸ்டிக்கைப் பார்த்துத்தான் எல்லோரும் பயப்படுகிறார்கள். ஆறிய ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் அதைத் தாங்கும். ஸ்டீலுக்கு உண்மையான எதிரி குளோரைட்டு. ஸ்டீலின் மேல் குரோமியம் சேர்ந்த மெல்லிய படலம் ஒன்று இருக்கிறது, அதுதான் துருவைத் தடுக்கிறது. வெண்மையாக்கும் ப்ளீச்சும், குளியலறைக்கு ஊற்றுகிற ஐதரோகுளோரிக் அமிலமும் அந்தப் படலத்தை இடையிடையே உடைத்துவிடும். பிறகு ஊசி குத்தினாற்போல் புள்ளிகள் விழும். விழுந்த குழியைத் தேய்த்து எடுக்க முடியாது. இந்த இரண்டையும் ஒன்றாகக் கலந்தால் நச்சுக் குளோரீன் வாயு வரும், ஆகவே இரண்டையும் குசினியிலிருந்து தள்ளியே வையுங்கள். கம்பிப் பஞ்சும் வேண்டாம். அதன் இரும்புத் துகள் ஸ்டீலில் மாட்டிக்கொண்டு துருப்பிடிக்கும், பார்ப்பவருக்கு ஸ்டீலே துருப்பிடித்தது போலத் தெரியும்.

அப்படியென்றால் சிம்னியின் ஸ்டீலுக்குக் காஸ்டிக் அடிக்கலாமா? ஸ்டீலுக்காக அல்ல, உங்களுக்காக வேண்டாம் என்பேன். தலைக்கு மேலே அடிக்கும்போது துளி கண்ணில் விழும். காஸ்டிக் கண்ணுக்குள் போனால் குறைந்தது 20 நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவிக்கொண்டே இருக்க வேண்டும், பிறகு உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மேலே அடித்தது விசிறிக்கும் மோட்டாருக்கும் போகும், பொத்தான்களில் அச்சடித்த எழுத்தும் அழியும்.

உங்கள் வேலைக்குச் சலவைச் சோடா போதும். 1 லீற்றர் சூடான தண்ணீரில் 1 மேசைக்கரண்டி சலவைச் சோடா, கொஞ்சம் பாத்திரம் கழுவும் திரவம். முதலில் சுவரில் உள்ள சுவிட்சை நிறுத்துங்கள். கையுறை போட்டு, துணியை நனைத்துப் பிழிந்து, ஸ்டீலின் மேல் ஒட்டி வையுங்கள். 10 நிமிடம் கழித்து, ஸ்டீலில் ஓடும் மெல்லிய கோடுகளின் போக்கிலேயே துடைக்க வேண்டும். மஞ்சளாகப் பிசின் போல இறுகிய இடத்துக்கு இன்னொரு தடவை ஒட்டி வையுங்கள், சுரண்ட வேண்டாம்.

பிறகு வெறும் தண்ணீரால் துடைத்து, உலர்ந்த துணியால் ஈரமில்லாமல் எடுங்கள். நம்முடைய கிணறுகள் பலவற்றில் சுண்ணாம்புத் தன்மை அதிகம், அப்படியே காயவிட்டால் வெள்ளைப் படை நிற்கும். முல்லைத்தீவுப் பக்கம் கடலோரமாக இருப்பவர்களுக்கு உவர்த்தண்ணீர் வேறு, அதில் உள்ள உப்பும் குளோரைட்டுத்தான். அவர்கள் கடைசித் துடைப்புக்கு மழைநீரையோ உப்பு நீக்கிய குடிநீரையோ பாவிப்பது நல்லது. வெள்ளைப் படை ஏற்கெனவே இருந்தால், 1 பங்கு வினாகிரிக்கு 4 பங்கு தண்ணீர் கலந்து துடைத்து, உடனே அலசிவிடுங்கள்.

சலவைச் சோடாவை அலுமினிய வலையில் போடாதீர்கள், அதுவும் கறுக்கவைக்கும். அப்பச்சோடா மென்மையானது என்று பலர் வலையை அதில் போட்டுக் கொதிக்கவைக்கிறார்கள். கொதிக்கும்போது அப்பச்சோடாவே மெல்லச் சலவைச் சோடாவாக மாறும், மறுபடி அதே கறுப்பு. வலைக்குச் சூடான தண்ணீரும் பாத்திரம் கழுவும் திரவமும் மட்டும். தண்ணீர் ஆவி பறக்கிற அளவுக்குச் சூடாக இருக்கட்டும், கொதிக்க வேண்டாம். அரை மணி ஊறவிட்டு, மென்மையான பிரஷால் இரு பக்கமும் தேய்த்து, முற்றாகக் காய்ந்த பிறகு மாட்டுங்கள். அடுப்பின் பர்னர் மூடிகள் பித்தளையாகவும் அடிப்பாகம் அலுமினியமாகவும் இருக்கலாம், அவற்றுக்கும் இதுவே.

தோடம்பழ எண்ணெய் சேர்ந்த பிசுக்கு நீக்கிகளும் கடைகளில் வருகின்றன. புதுப் பிசுக்குக்கு நல்லவைதான், ஆனால் பல தீப்பற்றும். அடுப்பை அணைத்து, சூடு ஆறிய பிறகே பாவிக்கலாம். காஸ்டிக் ஸ்பிரேயை ஓவனின் உள்ளே, எனாமல் பூசிய சுவருக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அதையும் ஆறிய ஓவனில், சூடேற்றும் கம்பியிலும் கதவு ரப்பரிலும் படாமல். சொரசொரப்பான, தானாகவே சுத்தமாகும் சுவர் என்றால் அங்கேயும் வேண்டாம்.

பிசுக்குப் படிவதைக் குறைக்க, எண்ணெய் எப்படி இறுகுகிறது என்பதைப் பார்க்க வேண்டும். தெறித்த அன்று அது வெறும் எண்ணெய், சூடான ஈரத்துணிக்கே வந்துவிடும். நாளாக ஆக, சூட்டிலும் காற்றிலும் அது ஒன்றோடொன்று பிணைந்து வார்னிஷ் போல இறுகுகிறது. சூரியகாந்தி, சோயா எண்ணெய்கள் சீக்கிரம் இறுகும். தேங்காய் எண்ணெய் அவ்வளவாக இறுகாது, சூடு பட்டால் இளகி வந்துவிடும். பொரிப்புக்கு அதைப் பாவிக்கிறவர்களின் சிம்னி கழுவச் சுலபம்.

அடுப்பு மூட்ட 5 நிமிடம் முன்னரே சிம்னியைப் போட்டு, பொரித்து முடிந்த பின்னும் 10 நிமிடம் ஓடவிடுங்கள். வடை மாவில் ஒட்டிய தண்ணீரை வடியவிட்டுப் போட்டால் தெறிப்புக் குறையும். அடுப்புக்கு நேரே உள்ள யன்னலையும் கவனியுங்கள். சோளகக் காற்று வீசும் மாதங்களில் அது புகையைச் சிம்னிக்குப் போகவிடாமல் தள்ளும், புழுதியையும் கொண்டுவந்து பிசுக்கில் ஒட்டும். பொரிக்கும் நேரம் அந்த யன்னலைச் சாத்தி, அடுப்புக்குத் தூரமாக உள்ளதைத் திறந்து வையுங்கள்.

வீட்டுச் சமையல் என்றால் வலையை இரண்டு கிழமைக்கு ஒருதடவை கழுவினால் போதும். தினமும் பொரிக்கிற உங்களுக்குக் கிழமைக்கு இரண்டு தடவை வேண்டும், ஏனென்றால் எண்ணெய் ஊறிய வலை அடுப்பிலிருந்து எழும் ஒரு பெரிய சுவாலைக்கே பற்றிக்கொள்ளும். வெளிச்சத்துக்கு நேரே வலையைப் பிடியுங்கள். கண்ணிகள் அடைத்திருந்தாலோ கீழ் விளிம்பில் எண்ணெய்த் துளி நின்றாலோ, நாளைப் பார்க்காமல் அன்றைக்கே கழுவுங்கள்.