தேற்றம் “1” என்கிறது, வரைபடம் ஆடிக்கொண்டே இருக்கிறது

கேள்வி: மார்த்தாண்டம் பக்கம் ஒரு கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். G(s) = K/(s(s+1)(s+2)), யூனிட்டி ஃபீட்பேக், K = 6. ஸ்டெப் கொடுத்தால் அவுட்புட் 1-இல் போய் நிற்கும் என்கிறது ஃபைனல் வேல்யூ தியரம். சிமுலேஷனில் அவுட்புட் நிற்காமல் ஆடுகிறது. புராஜெக்ட் வாங்கிய நாகர்கோவில் சென்டரில் “சாஃப்ட்வேர் தப்பு, தியரி சரி” என்கிறார்கள். ரிவியூவில் எதைக் காட்டுவது?

பதில்: சாஃப்ட்வேர் சரிதான் தம்பி. இந்த இடத்தில் தேற்றத்தைப் போட்டதுதான் தப்பு.

உங்கள் K = 6-க்கு குளோஸ்டு லூப்பின் கீழ்ப்பகுதி s³ + 3s² + 2s + 6. அதைப் பிரித்தால் (s + 3)(s² + 2). இரண்டாவது காரணிதான் வம்பு. அதன் போல்கள் ±j√2, கற்பனை அச்சின் மேலேயே உட்கார்ந்திருக்கின்றன. அந்த அலை தேயவும் செய்யாது, வளரவும் செய்யாது. கணக்குப் போட்டுப் பார்த்தால் அவுட்புட் ஏறத்தாழ 0.1-க்கும் 1.9-க்கும் நடுவே, 4.4 வினாடிக்கு ஒருமுறை, ஆடிக்கொண்டே இருக்கும். இறுதி மதிப்பு என்று ஒன்று கிடையாது.

அப்படியானால் 1 எங்கிருந்து வந்தது? அந்த ஆட்டத்தின் சராசரி அது. தேற்றம் s பூஜ்யத்தை நெருங்கும் இடத்தை மட்டும்தான் பார்க்கிறது. √2 தள்ளி என்ன நடக்கிறது என்பது அதன் கண்ணில் படாது. வேண்டுமானால் K = 10 போட்டுப் பாருங்கள். அப்போது அவுட்புட் ஆடி ஆடி வெடித்தே போகும், தேற்றம் அப்போதும் கூசாமல் 1 என்றே சொல்லும். எந்த K போட்டாலும் 1 தரும் ஒரு கணக்கிடம் இந்த லூப் நிலைக்குமா என்று கேட்டுப் பயனில்லை. “டைப் 1 சிஸ்டம், அதனால் ஸ்டெப்புக்கு பிழை பூஜ்யம்” என்ற மனப்பாட வரியும் இதே குழியில்தான் விழும்.

ஆகவே முதலில் போல்கள், அப்புறம்தான் தேற்றம். ஆக்டேவில் ஒரே வரி:

```
roots([1 3 2 6])
```

திரையில் −3, அப்புறம் ±1.4142i வரும். இந்த ஜோடியின் நிஜப்பகுதியில் 1e-16 மாதிரி ஒரு துக்கடா எண் ஒட்டிக்கொண்டு வரலாம். அதன் முன்னால் மைனஸ் இருப்பதைப் பார்த்து “இடது பக்கம்தானே” என்று கிளம்பிவிடாதீர்கள். அது கணினியின் ரவுண்டிங், பூஜ்யம் என்றே கொள்ள வேண்டும். பேப்பரில் செய்வதானால் ரூத் அட்டவணையில் s¹ வரிசை (6 − K)/3 என்று வரும். K = 6-இல் அந்த வரிசை முழுக்கப் பூஜ்யமாவதுதான் எச்சரிக்கை மணி.

இங்கே நிறையப் பேர் தடுமாறும் இடம் ஒன்று உண்டு, நிதானமாகப் படியுங்கள். s = 0 என்ற புள்ளியும் கற்பனை அச்சில்தானே இருக்கிறது, ஸ்டெப்பின் 1/s அங்கே ஒரு போல் வைக்கிறதே, அப்படியானால் ஸ்டெப்புக்குத் தேற்றமே போடக் கூடாதா? போடலாம். தேற்றத்தில் Y(s)-ஐ s-ஆல் பெருக்குகிறோம். அந்த s, ஸ்டெப்பின் 1/s-ஐ அடித்துவிடும். அதனால் Y(s)-இன் போல்களைப் பார்க்காமல், பெருக்கி முடித்த sY(s)-இன் போல்களைப் பாருங்கள். அவை எல்லாமே கண்டிப்பாக இடது பக்கம் இருந்தால் சரி. பூஜ்யத்தில் ஒற்றைப் போல் இருந்தால் இப்படி மன்னிப்பு கிடைக்கும். ±j√2-க்கு அந்த மன்னிப்பு இல்லை, s-ஆல் பெருக்கினால் அது அசையாது.

இப்போது அந்த சென்டர் சமாச்சாரம். இந்த மாதிரி மாடலை விற்பவர்கள் செய்யும் வேலை எனக்கு நன்றாகத் தெரியும். சிமுலேஷன் ஸ்டாப் டைமை 1.4 வினாடி என்று வைத்துவிடுவார்கள். உங்கள் கோடு முதல்முறை 1-ஐத் தொடுவது சரியாக அந்த நேரத்தில்தான். படத்தில் அழகாக ஏறி 1-இல் வந்து நின்ற மாதிரி இருக்கும். அடுத்த ஒரு வினாடி ஓடவிட்டிருந்தால் 1.9-க்குப் போயிருக்கும்! காசு கொடுத்து வாங்கிய ஃபைலில் முதலில் ஸ்டாப் டைமைத் திறந்து பாருங்கள், அப்புறம் K-இன் மதிப்பை. ரிப்போர்ட்டில் 6 என்று அச்சடித்துவிட்டு மாடலுக்குள் 5 வைத்திருப்பதும் உண்டு.

அவர்களை மட்டும் சொல்லியும் என்ன செய்ய? தேர்வில் “sY(s), s → 0” என்று எழுதி 1 போட்டால் முழு மதிப்பெண். போல்களைப் பார்த்தாயா என்று விடைத்தாளில் கேட்க ஆளில்லை. நிபந்தனையைக் கேள்வியிலேயே விட்டுவிடுகிறார்கள், கைடு போடுகிறவன் அதையும் சேர்த்து விட்டுவிடுகிறான்.

ரிவியூவுக்கு K = 6 படத்தை ஒளிக்க வேண்டாம். 30 வினாடி ஓடவிட்டு, பக்கத்தில் போல்களையும் எழுதி, “இங்கே தேற்றம் செல்லாது” என்று போடுங்கள். அடுத்த பக்கத்தில் K = 2. அங்கே போல்கள் மூன்றும் இடது பக்கம், கோடு சுமார் 17 வினாடியில் 1-இல் அடங்கும், தேற்றமும் அதே 1-ஐத் தரும். இரண்டுக்கும் ஸ்டாப் டைம் ஒன்றாகவே இருக்கட்டும்.