ரெப்போ குறைந்தது; வீட்டுக்கடன் வட்டி ஏன் குறையவில்லை?

"ரெப்போவை ஒண்ணேகால் சதவீதம் குறைச்சாச்சுன்னு செய்தியில சொல்றாங்க. 2017-ல வாங்குன என் வீட்டுக்கடன் வட்டி இன்னும் 9 சதவீதத்துலயே நிக்குது. ஆனா அப்பாவோட டெபாசிட்டைப் புதுப்பிக்கப் போனா, வட்டியைக் குறைச்சுட்டாங்க. இது என்ன நியாயம்?" - வாசகர், பெருமாள்புரம், திருநெல்வேலி

உங்கள் கடன் 2017-ஆம் ஆண்டைச் சேர்ந்தது என்பதிலேயே பாதி விடை இருக்கிறது. ரெப்போ என்பது ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் குறுகிய காலத்துக்குக் கொடுக்கும் பணத்தின் வட்டி. 2025 பிப்ரவரித் தொடக்கத்தில் 6.50 சதவீதமாக இருந்தது, டிசம்பருக்குள் 5.25 ஆனது. பாபநாசத்தில் தண்ணீர் திறந்தாலும் பாளையங்கால்வாயின் தலைமடைக்கு வரும் நாளில் கடைமடைக்கு வராது அல்லவா, இதுவும் அப்படித்தான். நீங்கள் கடைமடையில் இருக்கிறீர்கள்.

2019 அக்டோபர் 1 முதல் வங்கிகள் மிதவை வட்டியில், அதாவது அவ்வப்போது ஏறி இறங்கும் வட்டியில் தரும் புதிய வீட்டுக்கடன்களை ரெப்போ போன்ற வெளி அளவுகோலோடு இணைத்தாக வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது வட்டியைத் திருத்தவும் வேண்டும். அதற்கு முன் கொடுத்த கடன்கள் பெரும்பாலும் எம்சிஎல்ஆர் முறையில் இருக்கின்றன. அது வங்கி தன் நிதிச் செலவை வைத்துத் தானே கணக்கிடும் வட்டி. அந்தச் செலவில் பெரும்பங்கு டெபாசிட் வட்டிதான். ஆக, முதலில் டெபாசிட் வட்டி குறைய வேண்டும், பிறகு எம்சிஎல்ஆர் இறங்க வேண்டும், அதன் பிறகு உங்கள் கடனின் திருத்தத் தேதி வர வேண்டும். பல கடன்களில் அது ஆண்டுக்கு ஒரு நாள்தான். அப்பாவுக்கு முதலில் வெட்டு விழுந்ததும், உங்களுக்கு இன்னும் பலன் வராததும் ஒரே சங்கிலியின் இரண்டு கண்ணிகள்.

வங்கிச் செயலியில் கடன் விவரத்தைத் திறந்து பாருங்கள். MCLR என்று இருந்தால் பழைய முறை, EBLR அல்லது RLLR என்று இருந்தால் ரெப்போவோடு இணைந்தது. கடன் வங்கியில் இல்லாமல் வீட்டு நிதி நிறுவனத்தில் இருந்தால் இந்த 2019 விதி அதைக் கட்டுப்படுத்தாது. அங்கே நிறுவனம் அறிவிக்கும் வட்டிதான் அளவுகோல்.

எம்சிஎல்ஆர் என்றால், ரெப்போ இணைப்புக்கு மாற்றித் தரும்படி கிளையில் எழுத்து மூலம் கேளுங்கள். மாறும்போது நியாயமான நிர்வாக, சட்டச் செலவைத் தவிர வேறு கட்டணம் கூடாது. அதே வகை, அதே தொகையில் புதிதாகக் கடன் வாங்குபவருக்கு என்ன வட்டியோ அதையே உங்களுக்கும் தர வேண்டும். வாய்மொழியாகக் கேட்டால் "பார்க்கலாம்" என்பார்கள், எழுதிக் கொடுத்து ஒப்புகை வாங்குவதே மேல்.

பலன் எவ்வளவு என்று பார்ப்போம். 20 லட்சம் பாக்கி, 15 ஆண்டு மீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 9 சதவீதத்தில் மாதத் தவணை சுமார் 20,285 ரூபாய். ரெப்போ 5.25, அதன்மேல் வங்கியின் கூடுதல் 2.75 என்றால் வட்டி 8 சதவீதம், தவணை சுமார் 19,113 ரூபாய். மாதம் 1,170 ரூபாய் கையில் நிற்கும், மொத்தத்தில் சுமார் 2.1 லட்சம் மிச்சம். தவணையைக் குறைக்காமல் பழையபடியே 20,285 கட்டினால் கடன் ஒன்றரை ஆண்டு முன்னதாக முடியும், மிச்சம் சுமார் 3.8 லட்சம். மாதச் செலவு தாங்குமென்றால் இரண்டாவதே என் தேர்வு. தவணையா காலமா என்பதையும் எழுத்தில் சொல்லிவிடுங்கள், சொல்லாவிட்டால் வங்கி தன் வழக்கப்படி செய்யும்.

இங்கே பலர் கவனிக்காத ஒன்று உண்டு. 2022 மே முதல் 2023 பிப்ரவரி வரை ரெப்போ 4-லிருந்து 6.50-க்கு ஏறியபோது, பல கடன்களில் தவணையைத் தொடாமல் காலத்தை நீட்டிவிட்டார்கள். உங்கள் கடைசித் தவணை எந்த ஆண்டு என்று அட்டவணையில் பாருங்கள். முதலில் சொன்ன ஆண்டைத் தாண்டியிருந்தால், தவணையைக் கூட்டியோ அசலில் கொஞ்சம் முன்கூட்டியே கட்டியோ அதைப் பழைய ஆண்டுக்கே இழுத்துக்கொண்டு வரலாம். மிதவை வட்டி வீட்டுக்கடனை முன்கூட்டியே கட்டுவதற்குத் தனிநபரிடம் கட்டணம் வாங்கக் கூடாது. ரெப்போ ஏறினால் இணைந்த கடனும் சீக்கிரமே ஏறும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

அப்பாவின் டெபாசிட்டுக்கு இப்படி விதி எதுவும் கிடையாது. வட்டியை வங்கியே முடிவு செய்கிறது. போட்ட நாளில் பேசிய வட்டி முதிர்வு வரை மாறாது, ரெப்போ எவ்வளவு இறங்கினாலும் அதைத் தொட முடியாது. புதுப்பிக்கும் நாளில்தான் அன்றைய வட்டி வந்து உட்காரும். ஆகவே பழைய அதிக வட்டி டெபாசிட்டை அவசரத் தேவை இல்லாமல் உடைக்க வேண்டாம். உடைத்தால், பணம் இருந்த காலத்துக்கு உரிய வட்டியிலிருந்து அரையோ ஒன்றோ சதவீதம் கழித்துத்தான் பெரும்பாலும் தருவார்கள்.

"தானாகப் புதுப்பித்தல்" போட்டிருந்தால் முதிர்வுக்கு முன்பே அந்த ஏற்பாட்டை நீக்கிவிடுங்கள். பழைய கால அளவுக்கே அது ஓடும், பக்கத்தில் 444 நாள் போன்ற கணக்குக்குச் சற்றுக் கூடுதல் வட்டி இருந்தாலும் வங்கி கூப்பிட்டுச் சொல்லாது. அப்பாவுக்கு 60 வயது முடிந்திருந்தால் அஞ்சலகத்தின் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தையும் பாருங்கள். அதன் வட்டியை அரசு காலாண்டுக்கு ஒருமுறை அறிவிக்கிறது, ரெப்போ நேரடியாகத் தொடாது. 2025 முழுவதும் ரெப்போ இறங்கியபோதும் அது 8.2 சதவீதத்திலேயே நின்றது. கணக்குத் தொடங்கும் நாளின் வட்டி ஐந்தாண்டும் மாறாது, உச்சவரம்பு 30 லட்சம்.